கற்பதைத் தீர்மானிப்பவர் யார்?

ஒருவர் எதையாவது கற்கத் தொடங்கினால் சில முடிவுகளை யாராவது எடுத்தாக வேண்டும். எதைக் கற்பது, எதற்காகக் கற்பது, எதை முதலில் வைத்து எதைப் பின்னால் தள்ளுவது, யாரிடம் கேட்பது என்பவை அவற்றுள் சில. எல்லாவற்றுக்கும் கடைசியாக இன்னொரு முடிவும் இருக்கிறது. கற்றாயிற்று என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? பள்ளிக்கூடத்தில் மாணவர் வந்து உட்காருவதற்கு முன்பே இவையெல்லாம் முடிவாகிவிடுகின்றன. பாடத்திட்டம், கால அட்டவணை, பாடநூல் எல்லாம் தயாராக இருக்கின்றன, விடைத்தாளைத் திருத்தவும் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதில் சொந்தத் தேவைக்காகக் கணக்குப் பதிவு பழகும் கடைக்காரருக்கோ இவற்றுள் எதுவும் தயாராகக் கிடைப்பதில்லை.

இந்த முடிவுகள் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்குக் கல்வியியலில் மூன்று விடைகள் உண்டு. பெடகாஜி அவற்றை ஆசிரியரிடம் தருகிறது. ஆண்ட்ரகாஜி கற்பவரைத் திட்டமிடுபவராக்கி, ஆசிரியரைத் துணைக்கு நிறுத்துகிறது. ஹூட்டகாஜி இன்னும் ஒரு படி போய், கற்க வேண்டிய கேள்வி எது, அதற்கான விடை எப்போது போதுமானதாகிறது என்பதையும் கற்பவரிடமே விடுகிறது. முதலாவது சிறுவர்களுக்கு, இரண்டாவது பெரியவர்களுக்கு, மூன்றாவது இணையக் காலத்துக்கு என்று பிரித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிப்பு சரியல்ல. ஒரே மனிதருக்கு ஒரே வாரத்தில் மூன்றும் தேவைப்படலாம்.

பெடகாஜி என்றால் பிரம்பும் மனப்பாடமும் என்று எண்ணுவோர் உண்டு. அதன் அடிப்படை வேறு. மொராவியாவில் பிறந்த யான் அமோஸ் கொமேனியஸ் 17ஆம் நூற்றாண்டில் தம் ‘டிடாக்டிகா மாக்னா’ என்ற நூலில் கற்பித்தலை முறைப்படுத்த முயன்றார். ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்ற வேறுபாடு பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும், எளியதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும், ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு வழிவிட வேண்டும் என்பவை அவர் கருத்துகள். அந்த வரிசையைப் பிள்ளை போட முடியாது. எது எளிது, எது கடினம் என்பது பாதையை ஏற்கெனவே நடந்து முடித்தவருக்குத்தான் தெரியும். பெடகாஜியின் வலுவான வாதம் இதுவே. ஒரு துறைக்குள் நுழையாதவருக்கு அந்தத் துறையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரியாததை எப்படித் தேர்ந்தெடுப்பது? பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலிலேயே இந்தச் சிக்கல் எழுப்பப்பட்டிருக்கிறது.

பெடகாஜிக்குள்ளும் எல்லா முடிவுகளும் ஆசிரியரிடமே தங்கிவிடுவதில்லை. 1907இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தை இங்கே நினைவுகூரலாம். அவருடைய கருவிகளில் ஒன்று உருளைக் கட்டை. ஒரு மரக்கட்டையில் அளவு மாறும் பத்துக் குழிகள், அவற்றில் பொருந்தும் பத்து உருளைகள். சிறிய உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் நுழையாமல் நிற்கும். பிழை நடந்திருப்பதைப் பெரியவர் யாரும் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது. எந்த வேலையை எடுப்பது, எத்தனை முறை செய்வது என்பது பிள்ளையின் விருப்பம். ஆனால் அறையில் எந்தக் கருவிகள் இருக்க வேண்டும், எது எதற்குப் பின் வர வேண்டும் என்பதைப் பெரியவர் முன்பே தீர்மானித்துவிட்டார். இங்கே மதிப்பிடும் வேலை ஆசிரியரை விட்டு நீங்கியிருக்கிறது, திட்டமிடும் வேலை நீங்கவில்லை. முடிவுகளைத் தனித்தனியாகக் கைமாற்ற முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆண்ட்ரகாஜி என்ற சொல் பழையது. ஜெர்மன் ஆசிரியரான அலெக்சாண்டர் காப் 1833இலேயே, பிளேட்டோவின் கல்விக் கொள்கையைப் பற்றி எழுதும்போது, அதைப் பயன்படுத்தினார். பிறகு நெடுங்காலம் அது வழக்கில் இல்லை. முதல் உலகப் போர் முடிந்த பின் ஜெர்மனியில் தொழிலாளர் கல்வியைப் பற்றிய பேச்சில், 1921 வாக்கில், ஆய்கன் ரோசன்ஸ்டாக் என்பவர் அதை மீண்டும் எடுத்தார். அமெரிக்காவில் எட்வர்ட் லிண்டமன் 1926இல் வயதுவந்தோர் கல்வி பற்றி எழுதிய நூல், பாடத்திலிருந்து அல்லாமல் கற்பவரின் வாழ்க்கைச் சூழலிலிருந்து கல்வி தொடங்க வேண்டும் என்றது. இந்த இரண்டு இழைகளும் மால்கம் நோல்ஸ் என்பவரிடம் வந்து சேர்ந்தன. இளைஞர் நலப் பணியிலும் வயதுவந்தோர் வகுப்புகளிலும் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, யூகோஸ்லாவியக் கல்வியாளர் துஷான் சவிசெவிச் வழியாக 1960களின் பிற்பகுதியில் அந்தச் சொல் அவருக்குக் கிடைத்தது. 1970இல் வெளிவந்த அவருடைய நூல் அதை உலகறியச் செய்தது.

நோல்ஸ் சொன்னதன் சாரம் இது. வயதுவந்தவர் தம்மைத் தாமே நடத்திக்கொள்பவராகக் கருதுகிறார். குடும்பம் நடத்துபவரை, தொழில் செய்பவரை வகுப்பில் உட்காரவைத்து, சொல்வதை எழுதிக்கொள் என்றால் அவர் மனத்தளவில் விலகிவிடுவார். அவரிடம் அனுபவம் சேர்ந்திருக்கிறது, புதியது எதுவும் அதோடு ஒட்டியோ மோதியோதான் உள்ளே நுழையும். வாழ்க்கையில் ஒரு தேவை எழும்போது கற்கத் தயாராகிறார். என்றோ பயன்படும் என்பதற்காக அவர் கற்பதில்லை, இன்று எதிரில் நிற்கும் பிரச்சினைக்காகக் கற்கிறார். கற்கத் தூண்டும் உந்துதல் உள்ளிருந்து வருவது, ஏன் கற்க வேண்டும் என்ற காரணம் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும் என்ற இரண்டையும் அவர் பின்னாளில் சேர்த்தார்.

இந்தக் கொள்கை நடைமுறையில் எப்படி இயங்கும் என்பதை நோல்ஸ் முன்வைத்த கற்றல் ஒப்பந்தத்தில் தெளிவாகக் காணலாம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியரை எடுத்துக்கொள்ளலாம். புண் கட்டுவதில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். நீரிழிவு நோயாளிகளின் கால்களைப் பரிசோதிக்கும் பொறுப்பு புதிதாக அவரிடம் வருகிறது. நீரிழிவு நீடித்தால் காலின் நரம்புகள் மரத்துப்போகும். முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் நோயாளிக்குத் தெரியாது, புண் பெரிதான பிறகே வருவார். மரத்துப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் பரிசோதனையின் நோக்கம்.

ஒப்பந்தத்தின் முதல் வேலை இடைவெளியைக் கண்டறிவது. இந்தப் பணியை நன்றாகச் செய்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு, தமக்கு எது தெரியும், எது தெரியாது என்று செவிலியர் குறிக்கிறார். புண்ணைப் பார்த்து அதன் நிலையைச் சொல்ல அவருக்கு வரும், உணர்விழப்பைச் சோதிக்க வராது. அடுத்து நோக்கத்தை எழுதுகிறார்: நோயாளியின் காலில் பாதுகாப்பு உணர்வு இருக்கிறதா இல்லையா என்று பிழையின்றிச் சொல்ல முடிய வேண்டும். பிறகு வழிகளும் உதவிகளும். மாவட்ட மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் சில நாள் உடனிருந்து பார்ப்பது, வழிகாட்டு நூலைப் படிப்பது, சக ஊழியர்களின் காலில் பழகுவது. அதன் பின் முடிக்கும் தேதி. பிறகு சான்று, அதாவது கற்றதை எதைக் கொண்டு காட்டப்போகிறார் என்பது. கடைசியாக அந்தச் சான்றை யார், எந்த அளவுகோலால் சரிபார்ப்பது. தாம் பரிசோதித்த இருபது நோயாளிகளை அனுபவமுள்ள ஒருவர் மறுபடியும் பரிசோதித்து, முடிவுகளை ஒப்பிடுவார் என்று செவிலியர் எழுதலாம். பயிற்சியாளர் இந்தத் தாளைப் படித்து, இது போதாது, அதைச் சேர்க்கலாம் என்று பேசுவார். இருவரும் ஒத்துக்கொண்ட பிறகே வேலை தொடங்கும்.

இதே செவிலியருக்குப் பெடகாஜி முறையில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தால் அது காலின் நரம்பு அமைப்பில் தொடங்கி, நோய் உருவாகும் விதத்துக்குப் போய், புண் பராமரிப்பையும் சேர்த்து முடியும். புண் பராமரிப்பு அவருக்கு ஏற்கெனவே கைவந்தது என்பதை அந்த வகுப்பு கேட்டறியாது. ஒப்பந்தம் அதைக் கேட்கிறது. அதனால் மிச்சமாகும் நேரம் மட்டும் அல்ல, தம் அனுபவம் கணக்கில் எடுக்கப்படுகிறது என்ற உணர்வும் பெரியவர்களின் கற்றலில் பெரிய பங்கு வகிக்கிறது.

ஆனாலும் ஒப்பந்தத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால் பரிசோதனை என்ற தலைப்பு செவிலியருடையது அல்ல, பணி அதைக் கொண்டுவந்தது. நன்றாகச் செய்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலும் வெளியிலிருந்து வந்ததுதான். செவிலியர் பாதையைத் தேர்ந்தெடுத்தார், போய்ச்சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆண்ட்ரகாஜி நிற்கும் இடம் இதுதான்.

நோல்ஸ் தம் கொள்கையின் ஒரு பகுதியைத் தாமே திருத்திக்கொண்டார். 1970 நூலின் துணைத்தலைப்பு ஆண்ட்ரகாஜியையும் பெடகாஜியையும் எதிரெதிராக நிறுத்தியது. 1980 பதிப்பில் அது பெடகாஜியிலிருந்து ஆண்ட்ரகாஜிக்கு என்று மாறியது. இடையில், பள்ளி ஆசிரியர்கள் சிலர் அவருடைய முறைகளைச் சிறுவர்களிடம் வெற்றியாகப் பயன்படுத்தியதாகத் தெரிவித்தார்கள். பெரியவர்களிடம் அது எடுபடாத சூழல்களும் இருந்தன. கொள்கையை முன்வைத்தவரே, ஏற்கப்பட்ட ஒரு பெரிய பிரிவினையை இப்படி வெளிப்படையாகத் தளர்த்தியது மதிக்கத்தக்கது. இன்று பலரும் மேற்கோள் காட்டுவது திருத்தத்துக்கு முந்தைய நோல்ஸைத்தான் என்பது வருத்தத்துக்குரியது.

2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஹேஸ், கிறிஸ் கெனியன் இருவரும் ஹூட்டகாஜி என்ற கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். நோல்ஸ் சொன்னது தானே நடத்தும் கற்றல் என்றால், இவர்கள் சொன்னது தானே தீர்மானிக்கும் கற்றல். வேறுபாடு நுட்பமானது போலத் தோன்றினாலும் ஆழமானது. நடத்துபவருக்கு இலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. தீர்மானிப்பவரோ இலக்கு சரியானதுதானா என்றும் கேட்கிறார்.

இதற்கு அவர்கள் துணைக்கழைத்தது, கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் ஆகியோர் வகுத்த இரட்டை வளையக் கற்றல் என்ற கருத்தை. ஆர்கிரிஸ் அதை விளக்க அறையின் வெப்பத்தைச் சீராக்கும் கருவியைக் காட்டினார். வெப்பம் குறித்த அளவுக்குக் கீழே போனால் கருவி சூடேற்றியை இயக்கும், மேலே போனால் நிறுத்தும். அது பிழையைக் கண்டு திருத்துகிறது, இது ஒரு வளையம். தனக்கு வைக்கப்பட்ட அளவு ஏன் இது என்று அந்தக் கருவி கேட்டால் அது இரண்டாவது வளையம். செயலைத் திருத்துவது முதல் வளையம், செயலுக்குப் பின்னால் இருக்கும் அனுமானத்தைத் திருத்துவது இரண்டாவது.

செவிலியரிடம் திரும்பினால் இது விளங்கும். ஒப்பந்தப்படி அவர் பரிசோதனையைக் கற்றுக்கொண்டார், முடிவுகளும் சரியாக வருகின்றன. சில மாதங்கள் கழித்து, உணர்விழப்பு இருப்பதாகத் தாம் குறித்து அறிவுரை சொல்லி அனுப்பிய நோயாளிகளே மீண்டும் புண்ணோடு வருவதைப் பார்க்கிறார். முதல் வளையத்தில் நிற்பவர் தம் பரிசோதனையை இன்னும் கூர்மையாக்க முயல்வார், அல்லது அறிவுரையை இன்னும் அழுத்தமாகச் சொல்வார். இரண்டாவது வளையத்தில் கேள்வியே மாறுகிறது. இவர்கள் ஏன் செருப்பு போடுவதில்லை? வயல் சேற்றில் செருப்போடு வேலை செய்ய முடியாது என்பது ஒருவரின் பதில். வீட்டுக்குள் செருப்பு போடும் பழக்கமில்லை என்பது இன்னொருவருடையது. மரத்த காலில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்கிறார் மூன்றாமவர். இப்போது அவர் கற்க வேண்டியது பரிசோதனை அல்ல. காலணி எப்படித் தைக்கப்படுகிறது, பின்வார் வைத்த செருப்பு எங்கே கிடைக்கும், வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவித் துடைத்துப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் யாரிடம் சொல்லி வைப்பது என்பவை. இந்தப் பாடங்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்திருக்காது. இவற்றில் எதைக் கற்றால் போதும் என்பதை அந்த ஊரின் கால்களைத் தினமும் பார்க்கும் அவர்தான் சொல்ல முடியும். பயிற்சியாளருக்கே இதற்கு விடை தெரியாது.

ஹேஸும் கெனியனும் இதைத் திறன், வல்லமை என்ற இரு சொற்களால் பிரிக்கத்தக்க வகையில் பேசுகிறார்கள். தெரிந்த சூழலில் தெரிந்த வேலையைச் சரியாகச் செய்வது திறன். சூழல் மாறி, வேலையின் வடிவமே தெரியாத நிலையில், என்ன கற்க வேண்டும் என்று கண்டுபிடித்துச் செயல்படுவது வல்லமை. பரிசோதனையைக் கற்றது திறன், காலணியைப் பற்றிக் கேட்டது வல்லமை. திறனைத் தேர்வு வைத்து அளக்கலாம். வல்லமையை முன்கூட்டிய வினாத்தாளால் அளப்பது கடினம், எந்தக் கேள்வி எழும் என்று யாருக்கும் தெரியாதபோது வினாத்தாள் தயாரிக்க முடியாதல்லவா? அதனால்தான் ஹூட்டகாஜியைப் பின்பற்றும் படிப்புகளில் மதிப்பீட்டு முறையையே மாணவரும் ஆசிரியரும் பேசி முடிவு செய்கிறார்கள். மாணவர்கள் கற்றல் நாட்குறிப்பு எழுதுகிறார்கள், தாங்கள் எதை மாற்றி யோசித்தோம், ஏன் மாற்றினோம் என்று அதில் பதிகிறார்கள்.

முடிவுகள் மேலிருந்து கீழே கைமாறுவதைத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலும் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூலும் இலக்கும் மேலிருந்து வந்தவை. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் இயக்கத்தில் சேர்த்தார். பெண் தொண்டர்கள் உள்கிராமங்களுக்குப் போய்வர வேண்டும் என்பது தொடக்கக் காரணங்களில் ஒன்று. அதுவரை நோக்கம் இயக்கத்துடையது. அதன் பின் அது பரவிய விதம் வேறு. பழகிய பெண்கள் மற்றவர்களுக்குப் பழக்கிவிட்டார்கள். இதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், மிகக் குறுகிய காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளைக் கைக்கொண்டதாகக் குறிப்பிடுகிறார். தண்ணீர் எடுத்துவர, பிள்ளையைக் கூட்டிப்போக, விளைபொருளை விற்கப் போக என்று அவர்கள் அதற்குத் தங்கள் நோக்கங்களை வைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது ஆண்களுக்கான சைக்கிளை வாங்கினார்கள். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

கற்றாயிற்றா என்று அங்கே யாரும் தேர்வு வைக்கவில்லை. சைக்கிள் விழாமல் போனால் கற்றாயிற்று, விழுந்தால் இல்லை. மாண்டிசோரியின் உருளைக் கட்டையைப் போலச் சைக்கிளும் தன் பிழையைத் தானே காட்டிவிடுகிறது. கற்பவரிடம் மதிப்பீட்டை முழுதாக விட்டது அங்கே பலித்ததற்கு அது முக்கியக் காரணம். ஹூட்டகாஜியைப் பற்றிப் பேசுவோர் போதிய கவனம் கொடுக்காத நிபந்தனையும் இதுதான். பிழை தன்னைத் தானே காட்டாத துறைகளில் என்ன நடக்கும்?

செவிலியரின் பரிசோதனையே இதற்கு விடை சொல்லும். அதற்கான கருவி ஒரு மெல்லிய நைலான் இழை. அதைத் தோலில் செங்குத்தாக வைத்து வளையும் வரை அழுத்தினால் 10 கிராம் அளவு அழுத்தம் விழும். முதலில் கையிலோ நெற்றியிலோ வைத்து, உணர்வு எப்படி இருக்கும் என்று நோயாளிக்குக் காட்ட வேண்டும். பிறகு அவர் பார்க்காதபடி பாதத்தின் அடியில், பெருவிரலிலும் விரல்களின் அடிமேட்டிலும் சோதிக்க வேண்டும். காய்ப்பு ஏறிய இடத்தில் வைக்கக் கூடாது, அங்கே தோலே தடித்திருக்கும். புதிதாகப் பழகுபவர் செய்யும் பிழை, இழையைத் தொடும் ஒவ்வொரு முறையும், ‘இப்ப தெரியுதா?’ என்று கேட்பது. கேட்டதுமே நோயாளிக்குத் தொட்டது தெரிந்துவிடும். ‘தெரியுதும்மா’ என்று சொல்லிவிடுவார். காலில் உணர்வு இருக்கிறது என்று ஏட்டில் பதிவாகும். அதனால்தான் முறையான பரிசோதனையில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை தொட்டு, ஒரு முறை தொடாமலே கேட்பார்கள். மூன்றில் இரண்டுக்குச் சரியான பதில் வந்தால் அந்த இடத்தில் உணர்வு இருப்பதாகக் கொள்வார்கள்.

தொடாமல் கேட்கும் அந்த ஒரு கேள்வியைத் தானாகக் கண்டுபிடிப்பது எளிதல்ல. விட்டுவிட்டால் எந்த எச்சரிக்கையும் மணி அடிக்காது. பரிசோதனை சுமுகமாக முடியும், நோயாளி திருப்தியாகப் போவார், செவிலியரும் தாம் கற்றுவிட்டதாக உண்மையாகவே நம்புவார். பிழை தெரியவர மாதங்கள் ஆகும், அப்போது அது ஒருவரின் விரலையோ காலையோ பறித்திருக்கலாம். இந்தப் படியில் மதிப்பீடு வேறொருவர் கையில் இருந்தாக வேண்டும். பெடகாஜியின் நியாயம் வயதுவந்தவருக்கும் பொருந்துவது இங்கேதான்.

தன்னை மதிப்பிடுவதில் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. மருத்துவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே தரும் மதிப்பீட்டை வெளியார் மதிப்பீட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதில் இருந்த 20 ஒப்பீடுகளில் 13இல் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை, அல்லது நேர்மாறாக இருந்தது. அதே ஆண்டில் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்திலிருந்து எச்சரித்தது. புதியவரின் மனம் ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே தாங்கும். வழிகாட்டல் இல்லாமல் தேடவிட்டால் அந்தச் சிறிய இடம் தேடுவதிலேயே நிரம்பிவிடும், கற்பதற்கு இடம் மிஞ்சாது. ஆனால் அந்த ஆய்வு மரபே இன்னொன்றையும் கண்டது: ஒருவர் தேர்ச்சி பெற்ற பின், படிப்படியான வழிகாட்டல் உதவுவதை நிறுத்தி, சுமையாகவே மாறிவிடுகிறது. ஆகவே வழிகாட்டல் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைவிட, யாருக்கு, எந்தப் படியில் என்ற கேள்வி பயனுள்ளது.

ஜெரல்ட் குரோ என்ற அமெரிக்க ஆசிரியர் 1991இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. கற்பவர்கள் சார்ந்திருக்கும் நிலை, ஆர்வம் கொண்ட நிலை, ஈடுபட்ட நிலை, தம்மைத் தாமே நடத்தும் நிலை என நான்கு படிகளில் இருக்கலாம் என்றார் அவர். ஆசிரியரின் நடைமுறையும் அதற்கேற்ப மாற வேண்டும். அவருடைய கட்டுரையில் மிகவும் பயன்படுவது பொருத்தமின்மை பற்றிய பகுதி. முழுக்கச் சார்ந்திருக்கும் நிலையில் உள்ளவரிடம் முழுச் சுதந்திரம் கொடுத்தால் அவர் நன்றி பாராட்ட மாட்டார், கோபப்படுவார். ஆசிரியர் பாடம் நடத்தாமல் ஏமாற்றுகிறார் என்று நினைப்பார். தானே நடக்கக்கூடியவரைக் கைபிடித்து நடத்தினால் அவரும் கோபப்படுவார், இல்லையென்றால் சலித்து ஒதுங்குவார். சிலர் அதற்குப் பழகியும்விடுவார்கள். பல ஆண்டுகள் பிறர் தீர்மானத்திலேயே கற்றவர், தானே தீர்மானிக்கக்கூடிய வயதிலும் அறிவிலும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்றே நிற்பார். அந்தச் சார்பு திறமைக் குறைவால் வருவது அல்ல, பழக்கத்தால் வருவது.

வெளியே தெரியும் கோபம் ஒன்றாக இருந்தாலும் காரணம் இருவகை என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கற்பவர் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் வேறுபாடு தெரியும். எதைச் செய்ய வேண்டும் என்று கேட்பவருக்குப் படிகள் தேவை. இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்பவருக்குப் பேசக்கூடிய துணை போதும். இந்தப் பட்டியல் ஏன் இப்படி இருக்கிறது, நம் ஊருக்கு இது பொருந்தாதே என்று கேட்பவரிடம் பட்டியலையே திருத்தும் வேலையை விட்டுப்பார்க்கலாம். ஒரே ஆள் ஒரு விஷயத்தில் மூன்றாவது கேள்வியையும் இன்னொன்றில் முதல் கேள்வியையும் கேட்பார். நைலான் இழையைப் பிடிக்கக் கற்கும் செவிலியர் முதலாமவர், அதே நாளில் செருப்பைப் பற்றி யோசிக்கும்போது மூன்றாமவர்.

மதிப்பீட்டை ஒரே நாளில் கைமாற்றாமல் பழக்கி மாற்றவும் வழி உண்டு. பயிற்சியாளர் தம் முடிவைச் சொல்வதற்கு முன் கற்பவர் தம் முடிவை எழுதிவைத்துவிட வேண்டும். இந்த நோயாளிக்கு உணர்வு இருக்கிறது, இதில் எனக்கு எவ்வளவு நிச்சயம் என்று செவிலியர் குறிக்கிறார். பிறகு அனுபவமுள்ளவர் அதே காலைப் பரிசோதிக்கிறார். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதைவிட, நிச்சயம் என்று எழுதிய இடங்களில் எத்தனை தவறின என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் அவருடைய தன்மதிப்பீடு நம்பத்தக்கதாகிறது, பரிசோதனைகளை அவரிடமே விடலாம். குறையாவிட்டால், கை எவ்வளவு வேகமாக ஓடினாலும், மறுபரிசோதனை தொடர வேண்டும்.

தேர்வும் பட்டமும் இருக்கும் அமைப்புகளில் ஹூட்டகாஜி முழுமையாக நுழைய முடியாததற்கும் காரணம் இதுதான். செவிலியருக்கோ மின்பணியாளருக்கோ ஓட்டுநருக்கோ உரிமம் வழங்குவது கற்பவருக்காக மட்டும் அல்ல, அவர் கையில் தன்னை ஒப்படைக்கும் மூன்றாம் மனிதருக்காகவும். அந்த மனிதர் கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே குறைந்தபட்ச அளவு என்ன என்பதை வெளியார் தீர்மானிக்கிறார்கள். அந்த அளவைத் தாண்டிய பிறகு ஒருவர் எந்தக் கேள்வியின் பின்னால் போகிறார் என்பதை எந்த உரிமமும் கட்டுப்படுத்துவதில்லை, கட்டுப்படுத்தவும் தேவையில்லை. வயலில் சேறு மிதிக்கும் கால்களுக்கு ஏற்ற காலணியைத் தேடிய செவிலியரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.